இறக்கத்தில் எந்த கியர், எதிரே ஏறி வருபவருக்கு எப்போது வழி?

"மலையிலிருந்து காரில் இறங்கும்போது நாலாவது கியரில், பிரேக்கை லேசாக மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் கருகல் வாடை. அடிவாரம் வருவதற்குள் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒரு குறுகலான இடத்தில் ஏறி வந்த பஸ்காரர் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார், நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார் நண்பர். எந்த கியரில் இறங்க வேண்டும்? அந்த இடத்தில் யார் ஒதுங்கியிருக்க வேண்டும்?"

பஸ்காரர் செய்தது சரி. நண்பர் சொல்வது தவறு. ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிரேக் ஆயிலை மாற்றி, பேடுகளைக் கழற்றிப் பார்க்காமல் அந்த வண்டியை மறுபடி மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மறுநாள் காலையில் மிதி பழையபடி கெட்டியாக இருந்திருக்கும், "சரியாகிவிட்டது" என்று நினைத்திருப்பீர்கள். சரியாகவில்லை. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகியிருக்கிறது. எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் மிதி பஞ்சு போலானது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், மிதியும் தேறிவிடும். ஆனால் கொதிக்க வைத்த காரணம் அப்படியே இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இனி கியருக்கு வருவோம். நான் முதலில் ஓட்டப் பழகியது சரக்கு வண்டியில். அங்கே இறக்கத்தில் தவறான கியரில் இருந்தால் திட்டு மட்டும் விழாது, வண்டியையே வாங்கிக்கொள்வார்கள். காரில் யாரும் அப்படிச் சொல்லித் தருவதில்லை. கார் மன்னிக்கும், அதுவும் ஒரு அளவுக்குத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார், 6 கிலோமீட்டர் இறக்கம், நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 480 மீட்டர் உயரம் இறங்குகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் புவியீர்ப்பு வண்டியை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளலின் சக்தி சுமார் 13 கிலோவாட். எதிர்க்காற்றும் டயரின் உருளல் தடையும் சேர்ந்து இரண்டரை கிலோவாட்டைத் தின்றுவிடும். மீதி பத்துக்கு மேல். வேகம் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் அந்தப் பத்து கிலோவாட்டும் எங்கேயாவது வெப்பமாகப் போயாக வேண்டும். பிரேக்குக்குப் போகலாம், இல்லை இன்ஜினுக்குப் போகலாம். மூன்றாவது இடம் கிடையாது.

எல்லாவற்றையும் பிரேக்கிடம் விட்டால், 2,000 வாட் தண்ணீர் ஹீட்டர் ஐந்தை நாலு சக்கரத்துக்குள் வைத்து ஒன்பது நிமிடம் போட்டு வைத்த மாதிரி. நாலு சக்கரத்திலும் உள்ள டிஸ்க், டிரம் இரும்பு சேர்ந்து இருபது கிலோ என்று வைத்தால், வெப்பம் வெளியே போகாத பட்சத்தில் அது 600 டிகிரிக்கு மேல் ஏறும். காற்று பட்டு ஓரளவு ஆறும்தான். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் பெரிதாக வீசாது, முன் சக்கர பிரேக்குகள்தான் பெரும்பங்கு வேலை செய்கின்றன என்பதால் சூடும் அங்கேயே குவியும். உங்களுக்கு வந்த கருகல் வாடை அந்த பேடுகளில் உள்ள பிசின் தீய்ந்த வாடை.

இப்போது இன்ஜினிடம் கொடுத்துப் பார்ப்போம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பிஸ்டன் உராய்வு, மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்கும் சிரமம், பம்புகள் எல்லாம் சேர்ந்து வண்டியைப் பிடித்து இழுக்கின்றன. அந்த இழுவை இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு அதிகம். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின் நாலாவது கியரில், 40 கிலோமீட்டரில், 1,500 சுற்று அளவில் சோம்பலாக ஓடும். அப்போது அது வாங்கிக்கொள்வது ஏறக்குறைய மூன்று கிலோவாட். அதே வேகத்தில் இரண்டாவது கியர் என்றால் 3,000 சுற்று, ஏழு கிலோவாட்டை வாங்கிக்கொள்ளும். பிரேக்குக்கு மிஞ்சுவது முதல் கணக்கில் ஏழு, இரண்டாவதில் மூன்று. வண்டிக்கு வண்டி இந்த எண்கள் கொஞ்சம் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. அந்த இரண்டு கியர் வித்தியாசம்தான் உங்கள் பிரேக் ஆயில் கொதித்ததும் கொதிக்காமல் இருந்திருக்கக் கூடியதும்.

நண்பரின் பயத்துக்கு வருவோம். 3,000 சுற்று என்பது பெரும்பாலான பெட்ரோல் இன்ஜினின் சிவப்புக் கோட்டில் பாதிதான். சத்தம் அதிகமாகக் கேட்கும், அவ்வளவே. ஆயில் பம்பும் தண்ணீர் பம்பும் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சிலிண்டரில் எரிவதற்கு ஒன்றுமே இல்லாததால் இன்ஜின் சூடாவதற்குப் பதில் குளிரத்தான் செய்யும். இன்னொன்று, இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குபவர் பிரேக்கையும் தின்று பெட்ரோலையும் தின்கிறார். சாவியை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்துவிடும், அதன் பிறகு மிதி கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று இரண்டாவதுக்குத் தள்ளி கிளட்சை விட்டால், சக்கரம் இன்ஜினைச் சிவப்புக் கோட்டுக்கே சுற்றிவிடும். இன்ஜினின் சுற்று வரம்புக் கருவி எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரம் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வழுக்கும் சாலையில் அந்த ஒரு உதறலே சக்கரத்தைச் சறுக்க வைக்கப் போதும். அதனால் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்த பிறகுதான் கியரைக் குறைக்க வேண்டும். அதையும் இறக்கம் தொடங்குமுன், உச்சியிலேயே முடித்துவிட வேண்டும். சரிவின் நடுவில் கிளட்சை மிதித்த நொடி வண்டி இன்ஜினிடமிருந்து விடுபடும், கியர் விழுவதற்குள் வேகம் ஏறிவிடும். பாரம் ஏற்றிய லாரியில் இப்படி விட்ட கியர் திரும்ப விழாமலே போகும், நியூட்ரலில் மாட்டிக்கொள்வார்கள்.

எந்த கியர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். சக்தி குறைந்த இன்ஜின்கள் ஓடிய காலத்தில் அது பொருந்தியது, ஏற்றத்துக்கே இரண்டாவது கியர் வேண்டியிருந்தது. இன்றைய டர்போ இன்ஜின்கள் நாலாவதில் அனாயாசமாக ஏறிவிடும். வண்டியின் வடிவமும் காற்றைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும்படி இருக்கிறது, அதாவது இறக்கத்தில் காற்று தரும் உதவியும் குறைவு. ஆகவே ஏறிய கியருக்கு ஒன்று குறைவாக இறங்குவது பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் நான் நம்புவது இந்த வாய்ப்பாட்டையல்ல, காலை. வளைவுகளைப் பார்த்து உங்களுக்கு வேண்டிய வேகத்தை முடிவு செய்யுங்கள். அந்த வேகத்தில் கியரைப் போட்டு இரண்டு மிதியிலிருந்தும் காலை எடுங்கள். வேகம் அப்படியே நின்றாலோ, மெல்ல ஊர்ந்து ஏறினாலோ சரியான கியர். நாலைந்து நொடியில் முள் கிடுகிடுவென்று ஏறினால் இன்னும் ஒன்று குறைக்க வேண்டும். பிரேக் வளைவுக்கு முன்னும், ஊர்ந்து ஏறிய வேகத்தை வெட்டவும் மட்டும்.

அதை மிதிக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. லேசாக மிதித்தபடியே வருவதை விட, 40 என்று வைத்த வேகம் 45 ஆனதும் நன்றாக மிதித்து 35-க்குக் கொண்டுவந்து முழுதாக விட்டுவிடுவது நல்லது. இதனால் மொத்த வெப்பம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். குறையாது. இறங்கிய உயரம் ஒன்றுதானே! ஆனால் இடைவெளியில் பேட் டிஸ்கை விட்டு விலகி நிற்கும், ஒவ்வொரு மிதியிலும் பிரேக்கின் கெட்டித்தன்மை எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். லேசாக மிதித்தபடியே வருபவருக்கு அது தெரியவே தெரியாது, தெரியும்போது தாமதமாகிவிடும். வெப்பத்தை உண்மையில் குறைப்பது கியர் மட்டும்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டிரைவில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பல வண்டிகளில் அது எரிபொருள் சிக்கனத்துக்காகப் பெரிய கியருக்கே தாவும். லீவரில் எல், 2 அல்லது மேனுவல் நிலை இருக்கும், அதில் பிடித்து வையுங்கள். ஹைபிரிட் வண்டிகள் சிலவற்றில் பி என்ற எழுத்து இருக்கிறதே, அது இதற்குத்தான். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்துக்கொள்ளும், மலையிறக்கத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் உச்சியில் பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. அப்போது பிடிப்பு குறைந்து, வேலை பிரேக்கிடம் வந்து விழும்.

பிரேக் பலவீனமானால் எந்த மாதிரி என்று காலே சொல்லும். மிதி கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. மிதி பஞ்சாகி உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது, உங்களுக்கு நடந்தது இது. பஞ்சான மிதியை வேகமாகத் திரும்பத் திரும்ப அமுக்கினால் கொஞ்சம் பிடிப்பு திரும்பும். இரண்டுக்குமே அடுத்தது ஒரு கியர் குறைப்பது, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுப்பது, அகலமான இடத்தில் நிறுத்துவது. நிறுத்திய பிறகு டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் குளிர்ந்தால் கோணிவிடும், வெடிப்பும் விடலாம். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி வைக்காமல் ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

அப்புறம் பஸ்காரர். இந்த இடத்தில் விதி மிகத் தெளிவு. 1968-இல் ஏற்படுத்தப்பட்ட வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, மலைச் சாலையிலும் செங்குத்தான சாலையிலும் இரண்டு வண்டி கடக்க முடியாத இடத்தில் இறங்குபவர்தான் ஓரத்தில் ஒதுங்கி ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையில் சேராத பல இடங்களிலும் சட்டம் இதையேதான் சொல்கிறது.

காரணம் மரியாதையல்ல. ஏறும் வண்டி நின்றால், மறுபடி கிளம்பக் கிளட்சைத் தீய்க்க வேண்டும், பின்னால் உருளும் அபாயம் இருக்கிறது. இறங்குபவர் பிரேக்கை விட்டாலே வண்டி கிளம்பிவிடும். ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ரிவர்ஸ் எடுத்தால் வண்டி மேல்நோக்கிப் போகிறது. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கால் எடுத்தாலே நின்றுவிடும், புவியீர்ப்பு உங்களுக்கு பிரேக் மாதிரி வேலை செய்கிறது. எடையும் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும் முன் சக்கரங்களில் விழுவதால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். பஸ்காரர் ரிவர்ஸ் எடுத்தால் எல்லாம் தலைகீழ். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் பின்னால் இறங்க வேண்டும், புவியீர்ப்பு அவரைத் தள்ளும், எடை பின்பக்கம் சாய்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதைச் செய்யாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் "ஏறுபவருக்கே எப்போதும் முதல் உரிமை" என்று சுருக்கி மனப்பாடம் செய்வதும் தவறு. அதே பிரிவில் இரண்டு விலக்கு இருக்கிறது. ஏறுபவருக்கு முன்னாலேயே ஒதுங்குமிடம் இருந்து, அவர் அதில் நுழைந்துகொண்டால் யாரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டாம் என்றால், நுழைய வேண்டியவர் அவர்தான். ரிவர்ஸ் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால் முதலில் வண்டியின் வகையைப் பார்க்கிறார்கள். இணைப்பு வண்டி இழுத்துவருபவருக்கு எல்லாரும், கனரக வண்டிக்கு லேசான வண்டி, பஸ்ஸுக்கு லாரி வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே வகை என்றால்தான் இறங்குபவர் பின்னால் போக வேண்டும், அதுவும் ஏறுபவருக்குச் சுலபமான ஒதுங்குமிடம் பக்கத்தில் இல்லாதபோது. ஆகவே உங்கள் விஷயத்தில் பஸ்காரருக்கு இரட்டைச் சாதகம், அவர் ஏறுகிறார், கனமாகவும் இருக்கிறார். நாளை நீங்கள் காரில் ஏறும்போது எதிரே பாரம் ஏற்றிய லாரி இறங்கி வந்து, ரிவர்ஸ் தேவைப்பட்டால், எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். விதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த லாரியின் டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கிலிருந்து விலகி நிற்கலாம், நிறுத்த முடியுமா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருக்கலாம். புகையோ கருகல் வாடையோ வந்தால் உரிமையைப் பேசாமல் அங்கிருந்து விலகுங்கள்.

இப்போது அந்தக் குறுகல் இடத்துக்கு மறுபடி போவோம், ஏனென்றால் உங்கள் இரண்டு கேள்வியும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. நாலாவது கியரில் வந்த உங்களால் பஸ்ஸைத் தூரத்தில் பார்த்தபோதே நிறுத்த முடியவில்லை, குறுகலின் வாய் வரை வந்துவிட்டீர்கள். அதனால்தான் ரிவர்ஸ். இரண்டாவதில் 30-இல் வந்திருந்தால், மேலேயிருந்து பஸ் தெரிந்ததும் லேசான பிரேக்கிலேயே வேகம் பாதியாகியிருக்கும், கடைசியாகப் பார்த்த அகலமான இடத்தில் நின்றிருப்பீர்கள். இறங்குபவருக்குப் பெரும்பாலும் கீழே இரண்டு மூன்று வளைவு முன்கூட்டியே தெரியும். ஏறுபவருக்கு மேலே மண்சுவர்தான் தெரியும். அகலமான இடங்களை மனதில் குறித்துக்கொண்டே இறங்குங்கள், "இதற்கப்புறம் அடுத்தது எங்கே" என்று.

நிற்கும் இடமும் முக்கியம். கொண்டை ஊசி வளைவு என்றால் வளைவுக்குள் நுழையாமல் அதற்கு மேலேயே, ஒரு பஸ் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். நீளமான வண்டியின் பின் சக்கரம் வளைவில் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதைச் சமாளிக்க ஓட்டுநர் முன்பக்கத்தை வெளியே வீசுவார், உங்கள் பாதி சாலை அவருக்கு வேண்டும். மழையில் ஊறிய பள்ளத்தின் விளிம்பில் சக்கரத்தை வைக்காதீர்கள். தார் விளிம்பு முழுசாகத் தெரிந்தாலும் அடியில் மண் போயிருக்கலாம்.

ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உங்களுக்குப் பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று பாருங்கள். பின்னால் மூன்று கார் ஒட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் மட்டும் நகர முடியாது, கடைசி வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். உடன் வந்தவரை இறக்கி, மலைச்சுவர்ப் பக்கம் ஏறி நிற்கச் சொல்லிக் கையால் வழிகாட்டச் செய்யுங்கள். அவர் வண்டிக்கு நேர் பின்னாலும் வேண்டாம், பள்ளத்துப் பக்கமும் வேண்டாம், உங்கள் கண்ணாடியில் எப்போதும் தெரியும்படி நிற்கட்டும். அவர் தெரியாத நொடியில் நீங்களும் நின்றுவிடுங்கள்.